பாத்ரூம் கப்போர்டுக்கு பூட்டு இருக்கு, அதுக்குள்ள மாத்திரை வைக்கலாமா?

"சார் வணக்கம். புது ஃபிளாட்டுக்கு வந்து நாலு மாசம் ஆகுது. பாத்ரூம்ல வாஷ்பேசினுக்கு மேல பூட்டு வச்ச கண்ணாடி கப்போர்டு ஒன்னு இருக்கு. என் பையனுக்கு ரெண்டரை வயசு, 12 கிலோ, கைல கிடைக்கிறதெல்லாம் வாய்ல வைக்கிறான். அதனால அத்தையோட சுகர் மாத்திரை, தைராய்டு மாத்திரை, குளுக்கோமீட்டர், மாமாவோட பிபி மாத்திரை, ஆஸ்பிரின், ரோட்டாகேப், எனக்கு ஆஸ்பத்திரில குடுத்த சிவப்பு அயர்ன் மாத்திரை, பையனோட பாராசிட்டமால் சிரப் எல்லாத்தையும் அதுக்குள்ள வச்சு பூட்டிட்டேன். இப்போ என் தங்கச்சி வந்து பாத்ரூம்ல மருந்தே வைக்கக்கூடாதுங்கறா. பூட்டு இருக்கே, உள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டா போதாதா? கூடாதுன்னா அந்த கப்போர்டுல என்னதான் வைக்கிறது?"

வணக்கம்மா. பூட்டி வச்சது சரி, வச்ச ரூம்தான் தப்பு. அந்தப் பூட்டு உங்க பையனைத்தான் தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது. அதனால மருந்துக்கு வேற ரூம்ல ஒரு பூட்டு, பாத்ரூம் கப்போர்டுக்கு வேற சாமான், இப்படி பிரிச்சுடுங்க. ஏன்னு ஒன்னொன்னா சொல்றேன்.

குளிச்சு முடிச்சதும் அந்தக் கண்ணாடில முகம் தெரியாத அளவுக்கு நீர் கோத்து நிக்குதுல்ல, அந்தக் கண்ணாடிதான் உங்க கப்போர்டோட கதவு. வெளிப்பக்கம் நீர் கோக்குற அந்த நேரத்துல கதவு இடுக்கு வழியா உள்ளயும் அதே காத்துதான் போகுது, அதுலயும் பல பேர் குளிச்சுட்டு வந்த கையோட கதவத் திறந்து மாத்திரை எடுப்பாங்க, அப்போ சூடான ஈரக்காத்து மொத்தமா உள்ள போயி கதவ மூடினதும் அங்கயே தங்கிடும். நம்ம வீட்டு பாத்ரூம்ல தரை பூரா தண்ணி ஊத்திதான் குளிக்கிறோம், வீட்ல அஞ்சு பேர்னா காலைல ரெண்டு மணி நேரம் தொடர்ந்து ஈரம்தான், ஐப்பசி கார்த்திகை மழைல தரை காயறதே இல்ல.

மாத்திரை கம்பெனிக்காரங்க இதெல்லாம் டெஸ்ட் பண்ணாமயா விக்கிறாங்கன்னு கேட்டா, பண்றாங்க. 40 டிகிரி சூட்டுல, 75 சதவீத ஈரப்பதத்துல ஆறு மாசம் வச்சுப் பாக்குறது ஒரு வழக்கமான டெஸ்ட். ஆனா அது பிரிக்காத, சீல் உடையாத பேக்கோட வச்சுப் பாக்குறது. நீங்க கத்திரிக்கோலால அட்டைய வெட்டும்போது ஒரு மாத்திரையோட மூலை திறந்துட்டாலோ, வாரத்துக்கு எடுத்து பில் பாக்ஸ்ல போட்டுட்டாலோ, இல்ல 100 மாத்திரை பாட்டில தினமும் திறந்து மூடினாலோ அந்த டெஸ்ட் குடுத்த கேரன்டி அங்கயே முடிஞ்சுது.

அட்டையிலயும் வித்தியாசம் இருக்கு, இது நெறைய பேர் கவனிக்கிறதில்ல. ரெண்டு பக்கமும் வெள்ளி கலர்ல அலுமினியமாவே இருந்து மாத்திரை வெளிய தெரியாம இருந்தா அதுக்குள்ள ஈரம் போறது ரொம்பக் கஷ்டம். ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கா இருந்து மாத்திரை தெரிஞ்சா, அந்த பிளாஸ்டிக் வழியா ஈரம் மெதுவா உள்ள போகும். ஈரம் தாங்காத மருந்துகளை, உதாரணத்துக்கு அமாக்ஸிசிலின் கூட கிளாவுலனிக் ஆசிட் சேர்ந்த ஆன்டிபயாடிக்க, முழு அலுமினியத்துல போடறதுக்கு காரணம் இதுதான், அந்த மாத்திரை வெளிய எடுத்து வச்சா பழுப்பு புள்ளி விழ ஆரம்பிச்சுடும்.

சிலிக்கா ஜெல் கேட்டிருந்தீங்க. தினம் ரெண்டு மூனு தடவை ஈரக்காத்து நிரம்புற கப்போர்டுக்குள்ள ஒரு சின்ன பாக்கெட் சீக்கிரமே உறிஞ்ச வேண்டியத உறிஞ்சி முடிச்சுடும், அதுக்கப்புறம் அது சும்மா கிடக்குற பொட்டலம்தான். மூடி டைட்டா இருக்குற பாட்டிலுக்குள்ள அது வேலை செய்யும், அலமாரிய காய வைக்க அதால முடியாது. தைராய்டு பாட்டிலுக்குள்ள சின்னதா ஒரு சிலிக்கா டப்பா இருந்தா அத எடுக்காதீங்க, பஞ்சு வச்சிருந்தா மட்டும் முதல் தடவை திறந்ததும் எடுத்துடுங்க, பஞ்சு ஈரத்த இழுத்து மாத்திரை மேலயே வச்சுக்கும்.

இப்போ உங்க கப்போர்டுல இருக்குறத ஒவ்வொன்னா எடுத்துப் பாப்போம்.

மாமாவோட ஆஸ்பிரின்ல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா கெட்டுப்போனா அது தன்னையே காட்டிக் குடுத்துடும். ஆஸ்பிரின் ஈரத்தோட சேர்ந்தா ரெண்டா உடையும், ஒன்னு சாலிசிலிக் ஆசிட், இன்னொன்னு அசெட்டிக் ஆசிட், அதாவது வினிகர்ல இருக்குறது. அதனால அட்டைய பிரிச்சு மோந்து பாருங்க, புளிச்ச வினிகர் வாடை வந்தா தூக்கிப் போடுங்க. சில சமயம் மாத்திரை மேல மெல்லிசா ஊசி ஊசியா படிகம் கூட தெரியும். இதயத்துக்குன்னு டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரை அது, உடைஞ்ச மருந்து ரத்தக்கட்டிய தடுக்கற வேலைய செய்யாது, வயித்த மட்டும் எரிக்கும்.

ரோட்டாகேப்பும் அப்படித்தான். அந்தக் கேப்ஸ்யூல் ஓடு ஈரம் பட்டா தொளதொளன்னு ஆயிடும், மெஷின்ல போட்டு திருகினா ரெண்டா பிரியணும், பிரியாது, பிரிஞ்சாலும் உள்ள இருக்குற பவுடர் கட்டி தட்டி ஓட்டுலயே ஒட்டிக்கிட்டு இருக்கும். இழுக்குறவருக்கு பாதி மருந்து கூட நுரையீரலுக்குப் போகாது, அவரும் "இந்த மருந்து எனக்கு கேக்கவே இல்ல"ன்னு டாக்டர்கிட்ட சொல்வாரு, டாக்டர் டோஸ் ஏத்துவாரு. உபயோகிச்சு முடிச்சதும் கேப்ஸ்யூல் ஓட்ட வெளிச்சத்துல தூக்கிப் பாக்க சொல்லுங்க, உள்ள பவுடர் நெறைய மிச்சம் இருந்தா அந்த டப்பா வேணாம்.

குளுக்கோமீட்டர் மெஷினுக்கு ஒன்னும் பெருசா ஆகாது, ஸ்ட்ரிப்புக்குத்தான் ஆகும். அந்த ஸ்ட்ரிப் நுனில காஞ்ச என்சைம் தடவியிருக்கு, ஈரக்காத்து பட்டா அது கெட்டுப்போகும். ஸ்ட்ரிப் டப்பாவோட உள்சுவத்துலயே ஈரம் உறிஞ்சற பொருள் இருக்கும், அதனாலதான் ஒரு ஸ்ட்ரிப் எடுத்த உடனே மூடிய அழுத்தி மூடணும்னு எழுதியிருப்பாங்க. கெட்ட ஸ்ட்ரிப் சில சமயம் எர்ரர் காட்டும், அது நல்லது, தெரிஞ்சுக்கலாம். எர்ரர் காட்டாம தப்பான நம்பர் காட்டினாத்தான் ஆபத்து, அத்தைக்கு 110 இருக்குறப்ப 190ன்னு காட்டினா என்ன பண்ணுவீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. நாலு மாசம் பாத்ரூம்ல இருந்த ஸ்ட்ரிப் டப்பா வேணாம்மா, புதுசு வாங்கிடுங்க, கடையில கன்ட்ரோல் சொல்யூஷன்னு கேட்டா கிடைக்கும், அத ஒரு சொட்டு விட்டு டப்பால போட்டிருக்குற ரேஞ்சுக்குள்ள வருதான்னு புதுசையும் ஒரு தடவை பாத்துக்கலாம்.

எனக்கு இந்த லிஸ்ட்ல ரொம்பக் கவலை தர்றது அத்தையோட தைராய்டு மாத்திரைதான், ஏன்னா அது கெட்டா வாடையும் வராது கலரும் மாறாது. லீவோதைராக்ஸின் மைக்ரோகிராம் கணக்குல குடுக்குற மருந்து, சூடு வெளிச்சம் ஈரம் மூனுமே அதுக்கு ஆகாது. பாட்டில்ல வாங்கினா ஒரு பாட்டில் மூனு மாசத்துக்கு மேல ஓடும், அத்தன நாளும் பாத்ரூம்ல திறந்து மூடினா கடைசில இருக்குற மாத்திரைல முதல்ல இருந்த வீரியம் இருக்கும்னு நம்ப முடியாது.

சிரப் பாட்டில், பிபி மாத்திரை, சுகர் மாத்திரை, அயர்ன் மாத்திரை இதெல்லாம் ஈரத்துல இந்த அளவுக்கு சீக்கிரம் கெடாது. அட்டை உடையாம இருந்தா, மாத்திரை நெறம் மாறாம, உப்பாம, ஒட்டாம இருந்தா இடத்த மாத்தி வச்சு உபயோகிக்கலாம். ஆனா உங்க பையனப் பொறுத்தவரைக்கும் இந்தக் கப்போர்டுலயே மோசமான நாலு பொருள் இந்த நாலுதான், அதனால இதப் பத்தி கொஞ்சம் விலாவாரியா சொல்லணும்.

அத்தையோட சுகர் மாத்திரை கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகையா இருந்தா ஒரே ஒரு மாத்திரை போதும் ரெண்டு வயசுக் குழந்தைக்கு சுகர் அபாயமா எறங்க. அதுவும் உடனே எறங்காம சில மணி நேரம் கழிச்சு, சில சமயம் ராத்திரி தூக்கத்துல எறங்கும், குழந்தை அசந்து தூங்குதுன்னு நெனச்சுடுவோம். அதனாலதான் ஒரு மாத்திரை முழுங்கியிருக்கலாம்னு சந்தேகம் இருந்தா கூட ஆஸ்பத்திரில ஒரு நாள் வச்சுப் பாப்பாங்க. மாமாவோட பிபி மாத்திரை அம்லோடிபின் மாதிரி வகைன்னா அதுவும் ஒன்னு ரெண்டு மாத்திரைலயே குழந்தையோட ரத்த அழுத்தத்த கீழ கொண்டு போயிடும்.

உங்க சிவப்பு மாத்திரைல ஒன்னுக்கு 60 மில்லிகிராம் அயர்ன். கிலோவுக்கு 20 மில்லிகிராம் தாண்டினாலே வயித்துல தொந்தரவு ஆரம்பிக்கும், 60 தாண்டினா உயிருக்கே ஆபத்து. 12 கிலோ குழந்தைக்கு கணக்கு போட்டா நாலு மாத்திரைல வாந்தி, பன்னெண்டு மாத்திரைல அபாயம். பளபளன்னு சிவப்பா மிட்டாய் மாதிரி இருக்குற மாத்திரை அது. அம்மா தினமும் வாயில போட்டு தண்ணி குடிக்கிறத பாக்குற குழந்தைக்கு அதோட ருசி எப்படி இருக்கும்னு பாக்கணும்னு தோணத்தான் செய்யும், அதனால மாத்திரை போடும்போது பையன் எதிர்ல போடாதீங்க, அவனுக்கு மருந்து குடுக்கும்போது மிட்டாய்னு சொல்லியும் குடுக்காதீங்க.

சிரப்பும் அப்படித்தான், ருசியா வேற இருக்கும். 5 மில்லில 250 மில்லிகிராம் இருக்குற பாராசிட்டமால் 60 மில்லி பாட்டில்னா மொத்தம் 3000 மில்லிகிராம். அபாய அளவு கிலோவுக்கு 200 மில்லிகிராம்னு எடுத்தா உங்க பையனுக்கு 2400, அதாவது 48 மில்லி, கிட்டத்தட்ட முழு பாட்டில். அத்தன குடிச்சாலும் முதல் நாள் குழந்தை ஓடி விளையாடிக்கிட்டு நல்லாத்தான் இருக்கும், ஈரல் பாதிப்பு அப்புறம்தான் தெரியும், மாத்து மருந்து முதல் எட்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் நல்லா வேலை செய்யும். அதனால நல்லாத்தானே இருக்கான்னு வீட்ல வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கக்கூடாது.

எது முழுங்கினாலும் வாந்தி எடுக்க வைக்காதீங்க, உப்புத்தண்ணி குடுக்காதீங்க, வாய்ல மிச்சம் இருக்குறத விரலால எடுத்துட்டு, காலி அட்டைய எடுத்து எத்தனை கொறையுதுன்னு எண்ணி, மணி என்னன்னு பாத்து, 108க்கு போன் பண்ணுங்க இல்ல நேரா ஆஸ்பத்திரிக்கு போங்க. டெல்லி எய்ம்ஸ்ல இருக்குற தேசிய விஷத் தகவல் மையத்தோட இலவச நம்பர் 1800 116 117, அதையும் எழுதி ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வைங்க. அட்டைய கண்டிப்பா கைல எடுத்துட்டுப் போங்க, டாக்டர் முதல்ல கேக்கப்போறது அதத்தான்.

சரி, மருந்த எங்க வைக்கிறது. உங்க பெட்ரூம் பீரோவே போதும்மா, அதுக்குன்னு தனியா ஒன்னும் வாங்க வேணாம். மேல் தட்டுல மூடி டைட்டா இருக்குற ஒரு பிளாஸ்டிக் டப்பால எல்லாத்தையும் அதோட அட்டை, பாட்டிலோடயே வச்சு பீரோவ பூட்டிடுங்க. மேற்குச் சுவத்த ஒட்டி நிக்கிற இரும்பு பீரோவா இருந்தா சித்திரை வைகாசில உள்ள கொதிக்கும், அப்போ வெயில் படாத உள்சுவரா பாத்து வைங்க. கிச்சன் வேணாம், ஃபிரிட்ஜ் மேலயும் வேணாம், அதோட பின்பக்கத்துலருந்து சூடு ஏறிக்கிட்டே இருக்கும். எல்லா மருந்தையும் ஃபிரிட்ஜுக்குள்ள வைக்கிறதும் தப்பு, அட்டைல 2ல இருந்து 8 டிகிரின்னு எழுதியிருக்குறது மட்டும்தான் உள்ள போகணும், மத்தது வெளிய எடுக்கும்போது நீர் கோத்து நனையும்.

பாத்ரூம்ல மருந்து இருக்கக்கூடாதுன்னு சொல்றதுக்கு யாரும் பேசாத இன்னொரு காரணம் இருக்கு. மாமாவுக்கு ராத்திரி மூச்சு திணறும்போது யாராவது உள்ள தாழ் போட்டுக் குளிச்சுக்கிட்டு இருந்தா? அவசரத்துக்கு எடுக்குற இன்ஹேலர், நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை இதெல்லாம் ரெண்டு பூட்டுக்குப் பின்னாடி இருக்கக்கூடாது. அது அவர் படுக்கைக்குப் பக்கத்துல, ஆனா பையன் நாற்காலி போட்டு ஏறினாலும் எட்டாத உயரத்துல, கதவு வச்ச தட்டுல இருக்கட்டும், தலகாணிக்கு அடியிலயும் சட்டை பாக்கெட்லயும் வேண்டாம்.

சாவி எங்கன்றதையும் இப்பவே முடிவு பண்ணிக்குங்க. பூட்டுலயே தொங்குற சாவி, பீரோ கைப்பிடில மாட்டின சாவி ரெண்டும் பூட்டாததுக்கு சமம். பெரியவங்களுக்கு மட்டும் எட்டுற ஒரே ஒரு ஆணி, வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்ச ஆணி, அங்க மட்டும்தான். அத்தையோட பில் பாக்ஸ் டைனிங் டேபிள்ல இருந்தா பீரோ பூட்டினதுல பிரயோஜனம் இல்ல, குழந்தை அத ஒரு நிமிஷத்துல திறந்துடும். ஊர்ல இருந்து வர்ற சொந்தக்காரங்க ஹேண்ட்பேகையும் உள்ள நுழைஞ்ச உடனே மேல எடுத்து வைங்க.

இப்போ காலியான அந்தக் கப்போர்டு. அத வீணாக்காதீங்க, உங்க பாத்ரூம்ல மருந்து இல்லாமலே பூட்ட வேண்டிய சாமான் நெறைய இருக்கு. ஷேவிங் ரேசர், பிளேடு, நகவெட்டி, கத்திரி. ஆன்டிசெப்டிக் லிக்விட், மவுத்வாஷ், நெயில் பாலிஷ் ரிமூவர், பேன் மருந்து. இதெல்லாம் ஈரத்துல மருந்து மாதிரி வீரியம் கெடுற சாமான் இல்ல, குழந்தைக்குத்தான் ஆகாது. தலைக்கு அடிக்கிற டை கண்டிப்பா உள்ள இருக்கணும், கருப்பு டைல இருக்குற பிபிடிங்கற ரசாயனம் வயித்துக்குள்ள போனா தொண்டை வீங்கி மூச்ச அடைக்கும், அப்புறம் கிட்னிய கெடுக்கும், பாக்கெட்ட கிழிச்சு பாதி உபயோகிச்சுட்டு ஜன்னல் மேட்டுல வைக்கிற பழக்கம் நம்ம வீடுகள்ல ரொம்ப அதிகம்.

வலி தைலம், யூகலிப்டஸ் தைலம், கற்பூரம் இதுங்கள யாரும் விஷமாவே நினைக்கிறதில்ல. ஒரு டீஸ்பூன் சுத்தமான வின்டர்கிரீன் தைலத்துல இருக்குற சாலிசிலேட் ஒரு சின்னக் குழந்தையோட உயிருக்கே போதுமானது, நாம உபயோகிக்கிற வலி தைலம், பாம் நெறையதுல இருக்குறது அதே பொருள்தான், அளவு மட்டும் கொறைச்சல். கற்பூரம் கொஞ்சம் உள்ள போனாலே குழந்தைக்கு வலிப்பு வரும். தைலம் எல்லாம் அந்தக் கப்போர்டுக்குள்ள, பூஜைக் கற்பூரம் பூஜை ரூம்லயே ஆனா மூடி போட்டு உயரத்துல. வாஷ்பேசின்ல போட்டிருக்குற பாச்சா உருண்டைய இன்னைக்கே எடுத்துடுங்க, அத கப்போர்டுல கூட வைக்க வேணாம், ஜி6பிடிங்கற என்சைம் குறைபாடு இருக்குற குழந்தைன்னா ஒரு உருண்டை கூட ரத்த அணுக்கள உடைச்சுடும், குறைபாடு இருக்கான்னு டெஸ்ட் பண்ணாம தெரியாது.

டாய்லெட் கிளீனர், ஆசிட், பிளீச்சிங் பவுடர் மட்டும் அந்தக் கண்ணாடி கப்போர்டுல வேண்டாம். கண்ணுக்கு நேரா இருக்குற உயரத்துல மூடி லூசான ஆசிட் பாட்டில் சாஞ்சா முகத்துலதான் விழும், அதோட ஆசிட்டும் பிளீச்சிங்கும் கலந்தா குளோரின் வாயு கிளம்பும். அதுக்கு கீழ தனியா பூட்டு வச்ச இடம், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்காம. காயத்துக்கு கட்டுற காஸ், பேண்டேஜ் பாத்ரூம்லயே வேணும்னா ஜிப் கவர்ல போட்டு வைங்க, பேப்பர் உறை நனைஞ்சு காஞ்ச அடையாளம் இருந்தா அது ஸ்டெரைல் இல்ல, பிரிச்சு தரை துடைக்க வச்சுக்கலாம்.

தூக்கிப் போட வேண்டியது உங்க வீட்ல ஸ்ட்ரிப், ரோட்டாகேப், தைராய்டு, வெட்டின அட்டைல இருக்குற ஆஸ்பிரின், போன ஜுரத்துக்கு கலக்கி வச்ச ஆன்டிபயாடிக் சிரப் மிச்சம் இருந்தா அதுவும். மாத்திரைய உறைலருந்து எடுத்து காபித்தூள் சக்கையோடயோ மண்ணோடயோ கலந்து ஒரு கவர்ல கட்டி குப்பைல போடுங்க, அப்படியே போட்டா குப்பைத்தொட்டிலருந்தே குழந்தை எடுக்கும்.

தைராய்டுக்கு மட்டும் ஒன்னு கூடுதலா. இந்த நாலு மாசத்துல அத்தைக்கு டி.எஸ்.எச். ஏறிடுச்சுன்னு டோஸ் கூட்டியிருந்தாங்கன்னா, புது பாட்டில் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட பழைய பாட்டில் பாத்ரூம்ல இருந்த விஷயத்த சொல்லுங்க. வீரியம் கொறஞ்ச மாத்திரைக்காக கூட்டின டோஸ முழு வீரியத்துல சாப்பிட்டா படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மைன்னு எதிர்ப்பக்கம் போயிடும், இதய நோய் இருக்குறவங்களுக்கு அது லேசான விஷயம் இல்ல. நீங்களா டோஸ கொறைக்கவும் வேண்டாம். புது பாட்டில் மேல திறந்த தேதிய பேனாவால எழுதி வச்சுட்டு, ஆறுல இருந்து எட்டு வாரம் கழிச்சு டி.எஸ்.எச். திரும்பப் பாத்து, அந்த ரிப்போர்ட்டோட டாக்டரப் பாருங்க.